தொளதொள சடை

என் வீட்டுக்காரர் போட்ட சடையை எங்கள் ஊரில் எல்லோரும் தொளதொள சடை என்றுதான் சொல்வார்கள். மகள் தெருவில் இறங்கிப் போனால் எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்தே கேட்பாள், "இன்னாமா, இன்னிக்கும் உங்கப்பன் தலய கட்டி வுட்டானா?" என்று. அவள் கேட்பதில் தப்பொன்றும் இல்லை. அந்தச் சடை வீட்டை விட்டு இறங்கும்போதே பாதி அவிழ்ந்துதான் இருக்கும்.

நான் அங்கன்வாடி டீச்சர். எனக்குப் போட்ட மையம் எங்கள் ஊரில் இல்லை. ஜவ்வாது மலையில் பக்கத்து ஊர் என்றால் ஒரு சரிவு இறங்கி, ஒரு ஓடை தாண்டி, இன்னொரு சரிவு ஏற வேண்டும். விடிந்ததும் கிளம்பினால்தான் பிள்ளைகள் வருவதற்குள் தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்ட முடியும். அதனால் மகளுக்குத் தலை சீவும் வேலை அவள் சின்ன வகுப்பு படிக்கும்போதே அவர் கைக்குப் போய்விட்டது. சாமைக் கொல்லையில் மண்வெட்டி பிடித்த கை. மாட்டுக் கயிறு முறுக்கிய கை. மகள் தலையில் வைத்தால் மட்டும் அந்தக் கைக்குத் தெம்பே இருக்காது.

"இறுக்கிப் போடுய்யா. பள்ளிக்கூடம் போற பொண்ணா, பரதேசியா?" என்று நான் கத்துவேன்.

"போடி, கொழந்தைக்கு வலிக்கும்" என்பார்.

குழந்தை ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்போதும் குழந்தைதான்.

போன மாசிக் கடைசியில் புளி உலுக்க மரம் ஏறினவர் கிளை முறிந்து விழுந்தார். வழக்கமாக ஏறுகிற மரம்தான். கீழே வேலூருக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் படவேட்டு அம்மனிடம் வேண்டினேன். "இவர எழுப்பி வூட்டுக்கு அனுப்பு தாயே, என் மவ முடிய உனக்கு எறக்கறேன்" என்று. மகளுக்கு அப்போது இடுப்பு வரை முடி. எங்கள் வீட்டில் கொடுப்பதற்கு அதைவிட ஒசத்தியானது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மகள் பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டும் கேட்காதவள் போல இருந்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பத்தாவது பரீட்சை. மகள் போய் எழுதினாள். எல்லாப் பரீட்சையும் எழுதினாள். ஒரு நாள்கூட உட்கார்ந்து அழவில்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், இன்னா தைரியம் பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முடிவு வந்தது. நல்ல மார்க். பதினொன்றாவது சேர்த்தோம்.

பள்ளி திறந்தபோதுதான் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் சீப்பில். பிறகு தலையணையில். பிறகு வீடு பெருக்கினால் துடைப்பத்தில் சுற்றிக்கொண்டு வரும். சாமைச் சோற்றில் ஒரு முடி கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான் நாங்கள். இது அந்த மாதிரி இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால் தொட்டியடியில் எலி செத்துக் கிடப்பது போல ஒரு சுருள் கிடக்கும். நான் பார்ப்பதற்குள் அதை எடுத்து வேலிக்கு அப்பால் வீசிவிடுவாள். வீசினால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா. வேலி முள்ளில் மாட்டிக்கொண்டு காற்றில் ஆடும்.

வகிடு அகலமானது. இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டில், காதுக்கு மேலே, முடி பின்வாங்கித் தோல் பளபளவென்று தெரிந்தது. அதை மறைக்க அவள் இன்னும் இறுக்கிச் சீவினாள். எண்ணெய் வழிய வழியத் தடவி, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து, இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்டினாள். ராத்திரி படுக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டு எண்ணெய் காய்ச்சினேன். போனில் யாரோ ஒருத்தி வெங்காயச் சாறு தடவச் சொன்னாள், தடவினேன். தோல் எரிந்து சிவந்ததுதான் மிச்சம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் திட்டிவிட்டேன். "தெனம் ஒழுங்கா துன்றியா நீ? டீய குடிச்சிட்டு ஓடினா முடி இன்னா, பல்லு கூடத்தான் கொட்டும்" என்றேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்தாள். அந்த டம்ளர் டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான் அவள் காலைச் சாப்பாடு. அவள் அப்பா போனதிலிருந்து அப்படித்தான். மதியம் பள்ளிக்குக் கட்டிக் கொடுத்தது பாதி திரும்பி வரும். கோழிக்குப் போடுவேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை யூனிபார்ம் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி?"

"நான் போகல. இனிமே போகல."

கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் யாரோ, மண்டை தெரியுது, வெயில் பட்டுக் கண் கூசுது என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

மலையில் ஒரு பெண் பள்ளிக்கு நின்றால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். நின்ற பெண்ணை யாரும் வீட்டில் வைத்துக் கொஞ்சுவதில்லை. அடுத்த தைக்குள் எவனாவது வெற்றிலை பாக்கோடு வந்துவிடுவான். இவளைப் படிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பிடிவாதம். வேறு எதற்கும் அவர் குரலை உயர்த்தினதில்லை.

அந்த வாரம்தான் என் நாத்தனார், அவருடைய தங்கை, ஆலங்காயத்திலிருந்து வந்தாள். மருமகள் தலையைப் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நீ வேண்டினியே. எறக்கறேன்னு சொன்ன முடி. நீ எறக்கல. அம்மா தானா எறக்கிக்கிறா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஆள எடுத்துக்கிட்டவளுக்கு முடியும் வேணுமாமா? அவரு எழுந்து வந்தாத்தானே எறக்கறேன்னு சொன்னேன். நான் சொன்னது எனக்குத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். நாத்தனார் பயந்துபோய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும். படுத்தால் பயம்தான் வந்தது. மாசியில் இறக்கறேன் என்று நான் சொன்ன முடி, ஆனியில் தானாக இறங்குகிற முடி. இரண்டும் ஒரே சொல்லாக இருந்தது. போதாததற்கு, மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று ஊரே சொல்கிறது. சாமிக்கும் ஆச்சு, முடிக்கும் ஆச்சு என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை படவேடு போகலாம் என்று மகளிடம் சொன்னபோது அவள் சரி என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கு முந்தின புதன்கிழமை மையத்தில் தடுப்பூசி நாள். நர்சம்மா வந்திருந்தார். மகள் பள்ளிக்குப் போகாததால் என்னோடுதான் வந்திருந்தாள். ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் தலையை நர்சம்மா குனிந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை நான் சொன்னேன்.

"மொட்ட போடறதுன்னா போடுங்க டீச்சர், சாமி சமாச்சாரத்துல நான் வரல. ஆனா அதுக்கு முன்ன டாக்டர்கிட்ட காட்டுங்க. மொட்ட போட்டுட்டுப் போய் நின்னா, எங்க கொட்டுச்சுன்னு அந்தம்மா எதப் பாப்பாங்க?" என்றார்.

அவர் பாட்டுக்கு ஊசியில் மருந்தை உறிஞ்சிக்கொண்டே பேசினார். காசு மாதிரி வட்டமா எங்கியாவது சொட்டை விழுந்திருக்கா, தலையில செதில், சீழ், அரிப்பு இருக்கா, மாசமாசம் ஒழுங்கா தூரம் ஆகறாளா, இளைச்சிட்டாளா, மயக்கம் வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இளைச்சிருக்கா என்றேன். மாசத்துக்கு ரொம்பப் போகுது என்று மகள் மெதுவாகச் சொன்னாள். எனக்கே அது புதுச் செய்தி. "அப்போ எண்ணெய் காய்ச்சிட்டு உக்காந்திராதீங்க. நாளைக்கே போங்க" என்றார்.

மலைமேல் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கே போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. மகளுடைய இரட்டைச் சடையை அவர்களே அவிழ்த்தார்கள். அவிழ்க்கும்போது மகள் கண்ணை மூடிக்கொண்டாள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் முடியை விரல் நடுவே பிடித்து மெதுவாக உருவினார்கள். நாலைந்து கையோடு வந்தது. அதைத் திருப்பி நுனியைப் பார்த்தார்கள். கண் இமையை இழுத்துப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். காதுக்கு மேலே தோலைத் தொட்டு, "இங்க வலிக்குமா? சின்னச் சின்னக் குரு வருமா?" என்று கேட்டார்கள். வரும் என்றாள்.

"எப்போலேர்ந்து கொட்டுது?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்துங்க" என்றேன்.

"அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி எதாவது பெருசா நடந்துச்சா?"

நான் யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் இல்லீங்க. காய்ச்சல்கூட வரல" என்றேன்.

"எங்கப்பா செத்துட்டாருங்க" என்றாள் மகள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அப்பா போனதிலிருந்து, அப்பா இல்லாததிலிருந்து என்றுதான் சொல்வாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். தலையில் இருக்கிற ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், பிறகு சில மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்காது, அதனால் விழுவது நமக்குத் தெரியாது. பெரிய காய்ச்சல், பிரசவம், பட்டினி, தாங்க முடியாத துக்கம் எதாவது வந்தால் உடம்பு பயந்துபோய் நிறைய முடியை ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஆனால் அன்றைக்கே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதற்குள் நாம் என்ன நடந்தது என்பதையே மறந்திருப்போம்.

நாங்கள் மறக்கவில்லை. ஆனால் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தோம். சொந்தக்காரர்கள் வருவது நின்றிருந்தது. நான் மையத்தில் பிள்ளைகளோடு சிரிக்கக்கூடச் செய்தேன். எல்லோரும் அழுது முடித்த பிறகு அவள் தலை தனியாக அழ ஆரம்பித்திருக்கிறது. அதற்குத்தான் நான் வெங்காயச் சாறு தடவினேன்.

"இது ஒண்ணு மட்டும் இல்ல" என்றார்கள். ரத்தம் கம்மியா இருக்கிற மாதிரி தெரியுது, பரிசோதனை பண்ணிப் பார்க்கணும், தைராய்டும் பார்த்துடலாம் என்றார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்கள். டீ, பிஸ்கட் என்று சொன்னபோது எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு வாராவாரம் சத்து மாத்திரை கொடுக்கிறவள் நான். பள்ளியில் கொடுத்த மாத்திரையை, குமட்டுது என்று என் மகள் ஜன்னலுக்கு வெளியே போட்டிருக்கிறாள்.

"காதுக்கு மேல போயிருக்கிறது வேற கத. அது இழுத்து இழுத்துக் கட்டறதால போனது. எவ்ளோ நாளா இவ்ளோ இறுக்கமா போடற?" என்று கேட்டார்கள்.

"மூணு மாசமாத்தான் மேடம்" என்றேன் நான். "அதுக்கு முன்ன அவங்கப்பா போடுவாரு. அது இறுக்கமே இருக்காது."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லீங்க. ஒம்போதாவதுலேர்ந்தே இறுக்கித்தான் போடறேன். பி.டி. டீச்சர் லூசா வந்தா வெளிய நிக்க வெப்பாங்க. அப்பா போட்டத பஸ் ஸ்டாப்புல அவுத்துட்டு, இறுக்கிப் போட்டுக்குவேன். சாயந்திரம் வரும்போது மறுபடி அவுத்து லூசா போட்டுக்கிட்டு வருவேன். அவருக்குத் தெரியாது."

வெளியே யாரோ சீட்டு எண் கூப்பிட்டார்கள்.

"அன்னிக்கும் அவுத்தேன்" என்றாள். "மரத்துலேர்ந்து வுழுந்த அன்னிக்கும். அவரு ஆசையா போட்டு வுட்டாரு. நான் அவுத்துட்டேன்."

அப்புறம் அழுதாள். பரீட்சை ஹாலில் அழாதது, காரியத்தில் அழாதது, எல்லாம் அங்கே அழுதாள். அவிழ்ந்த முடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. நான் ஒதுக்கிவிடப் போனேன். கையோடு இரண்டு இழை வந்தது. அதைக் கீழே போட மனசில்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டாக்டரம்மா அவளை அழ விட்டார்கள். பிறகுதான் சொன்னார்கள். "நீ அவுத்ததால ஒண்ணும் நடக்கல. கிளை முறிஞ்சதால வுழுந்தாரு. முடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சாமி எடுத்துக்கலயா மேடம்?" என்று கேட்டாள். "சாமிக்கு வேணும்னா இத்தன நாள் காத்திருக்குமா?" என்றார்கள். நான் மொட்டை விஷயத்தைக் கேட்டேன். வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, மேலே சிரைத்தது வேருக்குத் தெரியாது, அடர்த்தியும் வராது, போனதும் வராது என்றார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று வந்தது. தைராய்டு முடிவு அடுத்த வாரம் வந்தது, சரியாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையை டீயோடு போடக்கூடாது, முன்னே பின்னே ஒரு மணி நேரமாவது டீ கூடாது, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளலாம். குமட்டினால் தூக்கிப் போடாமல் வந்து சொல்ல வேண்டும். முட்டை, கீரை, பயறு, வேர்க்கடலை, எதுவானாலும் காலையில் வயிறு காலியாக வெளியே போகக்கூடாது. மாசப் போக்கு அதிகமாவதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ஈரத் தலையைக் கட்டாதே, கட்டினபடியே படுக்காதே என்று மகளிடம் சொன்னார்கள். "காதுக்கு மேல போனது, நீங்க சீக்கிரமா வந்துட்டதால மொளைக்கும். இப்படியே இன்னும் சில வருஷம் இழுத்துக் கட்டியிருந்தா வேரே செத்துப்போயிருக்கும், அப்புறம் யார்கிட்ட போனாலும் வராது. மத்தது உடனே நிக்காது. இன்னும் கொஞ்ச நாள் கொட்டும், பயப்படாதீங்க. ஆறு மாசம் ஆகியும் கொட்டறது நிக்கலன்னாலும், வட்டமா சொட்டை விழுந்தாலும், தோல் செவந்து செதில் வந்தாலும் உடனே வாங்க, கீழ தோல் டாக்டர்கிட்ட அனுப்பறேன்" என்றார்கள்.

கிளம்பும்போது மகளிடம் ஒன்று சொன்னார்கள். "சடை தொளதொளன்னு போடு."

அந்த வார்த்தை அவர்களுக்கு எப்படித் தெரியும். சும்மா வாயில் வந்ததுதான்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போய் பி.டி. டீச்சரைப் பார்த்தேன். சண்டைக்குத்தான் போனேன், முந்தானையைச் செருகிக்கொண்டு. அந்தம்மா கேட்டுவிட்டு, "அய்ய, இவ்ளோதானா, வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர்மேல் கோபமாக வந்தது, என் வீட்டுக்காரர்மேல். இவ்வளவு சரியாகச் செய்த மனுஷன் ஒரு தடவையாவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் எனக்குத் தொளதொள சடை போட வரவில்லை. என் கை இறுக்கிப் பழகிய கை. மையத்துக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போக மேலே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, காலையில் அவளை முன்னால் உட்கார வைத்துச் சீவினேன். வேப்ப மரத்தடியில் அவர் உட்காருகிற அதே கல்லில். இரண்டு பின்னல் போவதற்குள் தானாக இழுத்துவிடுவேன். "ஸ்ஸ்" என்பாள். அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவேன்.

"அப்பா மூணு பின்னல் போட்டுட்டு கொஞ்சம் வுடுவாரும்மா. விரல உள்ள வுட்டுத் தளத்துவாரு" என்றாள்.

"சடை போடறவருக்கு ஒரு வேலதான். எனக்கு அடுப்புல சோறு கீது" என்றேன். ஆனால் விரலை விட்டுத் தளர்த்தினேன்.

முடி உடனே நிற்கவில்லை. டாக்டரம்மா சொன்னது போலவே ஆடி முழுதும் கொட்டியது. அவள் வீசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பின் பெஞ்சுக்காரி இன்னும் எதாவது சொல்கிறாளா என்று கேட்டேன். சொல்றா என்றாள். ஆனாலும் போனாள். ஞாயிற்றுக்கிழமை படவேடு போகவில்லை. நாத்தனார் அந்தப் பேச்சை எடுத்தபோது, "அம்மனே வந்து கேக்கட்டும், நான் பேசிக்கிறேன்" என்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. வெளியே உட்கார முடியாமல் வாசற்படியில் உட்கார வைத்துச் சீவிக்கொண்டிருந்தேன். காதுக்கு மேலே, நெற்றியோரம், குட்டையாகப் புது முடி கிளம்பியிருந்தது. பிறந்த குழந்தைக்கு இருப்பது போல. சீப்புக்கு அகப்படவில்லை, பின்னலுக்கும் எட்டவில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கையில் எச்சில் தொட்டுப் படிய வைத்தேன். மறுபடி எழுந்து நின்றது.

"பாத்தியாடி, எவ்ளோ மொளச்சிருக்குது" என்றேன்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"இது அப்பா தொடாத முடிம்மா" என்றாள்.

நான் பின்னல் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்று போட்டு, கொஞ்சம் விட்டு, விரலை உள்ளே விட்டு. பஸ் ஹாரன் கேட்டது. மழையில் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பஸ் ஸ்டாப் எங்கள் வாசலிலிருந்து தெரியாது; முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை பின்னாலேயே போனேன். போய் நிற்பதற்குள்ளேயே சடை பாதி அவிழ்ந்து முதுகில் கிடந்தது. அவள் கை பின்னால் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ரிப்பன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.